12 இடம், 27 பெயர்: ஒரு பயிற்சித் தேர்வு அஞ்சலின் கதை

ஓசூர்ப் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. பிரேக் அமைப்புக்கான பாகங்களைக் கடைந்து, துளையிட்டு, சோதித்து அனுப்புகிறார்கள். மூன்று ஷிஃப்ட் ஓடுகிற இடம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பஸ் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு அஞ்சல் போனது. உள் தணிக்கையாளர் பயிற்சிக்கு யார் யார் தேர்வானார்கள், யார் ஆகவில்லை, ஏன் என்று அதில் இருந்தது. திங்கட்கிழமை காலை வருவதற்குள் ஆலை இரண்டாகப் பிரிந்திருந்தது.

வெளியிலிருந்து பயிற்சித் திட்டங்களைப் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் அந்த அஞ்சலும் அதன் பின்னணிக் காகிதங்களும் என்னிடம் வந்தன. ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

முதலில், அது என்ன பயிற்சி? வாகன உதிரிபாகம் செய்கிறவர்கள் ஐ.எஸ்.ஓ. 9001 மட்டும் வைத்துக்கொண்டு பெரிய கார் நிறுவனங்களிடம் ஆர்டர் வாங்குவது கடினம். அதன் மேல் ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற வாகனத் துறைத் தரநிலையும் வேண்டும். இப்போது நடப்பில் இருப்பது 2016ஆம் ஆண்டுப் பதிப்பு. ஆலை தன்னைத் தானே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று அது கேட்கிறது. அந்த வேலையை யார் செய்யலாம் என்பதையும் ஓரளவு சொல்லிவிடுகிறது. உற்பத்திச் செயல்முறையைத் தணிக்கை செய்கிறவருக்கு அந்தச் செயல்முறை தெரிந்திருக்க வேண்டும், எங்கே என்ன பழுது வரலாம் என்று முன்கூட்டியே அலசும் எஃப்.எம்.இ.ஏ., எந்தக் கட்டத்தில் எதை எப்படிச் சோதிப்பது என்று சொல்லும் கண்ட்ரோல் பிளான் இரண்டையும் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். தகுதி பெற்றவர்களின் பட்டியலை ஆலை வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது இத்தனை தணிக்கை செய்தால்தான் தகுதி நிலைக்கும் என்று ஒரு எண்ணிக்கையையும் ஆலையே வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, இந்தப் பயிற்சி சும்மா இரண்டு நாள் ஹோட்டல் சாப்பாடு அல்ல. போய் வந்தவர் பெயர் அந்தப் பட்டியலில் ஏறும். மறு ஆண்டு மதிப்பீட்டுப் பேச்சில் அது எடுபடும், வேறு கம்பெனிக்கு விண்ணப்பித்தாலும் எடுபடும். அதனால்தான் 12 இடத்துக்கு 27 பேரை அந்தந்தத் துறைத் தலைவர்கள் நாமினேட் செய்திருந்தார்கள். தரப் பிரிவிலிருந்து 9 பேர், உற்பத்தியிலிருந்து 8 பேர், பராமரிப்பு, ஸ்டோர்ஸ், கொள்முதல், டூல் ரூம் எல்லாம் சேர்ந்து மீதி.

மூன்று பேர் கொண்ட குழு ஒரு மதியம் உட்கார்ந்து பெயர்களை முடிவு செய்தது. மனிதவளத் தலைவர், உற்பத்தி மேலாளர், தர அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகப் பிரதிநிதியான எம்.ஆர். (ஐ.எஸ்.ஓ. 9001இன் 2015 பதிப்பில் எம்.ஆர். என்ற பதவியே கட்டாயம் இல்லை. ஆனாலும் ஓசூரில் எந்த ஆலைக்குப் போனாலும் அந்த ஆள் எம்.ஆர்.தான்.) கூட்டத்தில் எம்.ஆர். கைப்பட எழுதிய குறிப்பு இரண்டு பக்கம் எனக்குக் கிடைத்தது. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். தேர்வு பெரும்பாலும் சரியாகவே நடந்திருந்தது.

குறிப்பில் மூன்று கவலைகள் தெரிந்தன. ஒன்று, தன் வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் தணிக்கையாளர்களில் பாதிக்கு மேல் தரப் பிரிவு ஆட்கள். அளவீட்டுக் கருவி அளவுத்திருத்தம், வாடிக்கையாளர் புகார் இதையெல்லாம் தணிக்கை செய்ய வெளித்துறை ஆள் வேண்டும். அதனால் தரப் பிரிவுக்கு ஆறு இடத்துக்கு மேல் தர முடியாது. இரண்டு, ஒரு செயல்முறை எந்தெந்த ஷிஃப்டில் ஓடுகிறதோ அத்தனை ஷிஃப்டிலும் அதைத் தணிக்கை செய்ய வேண்டும். ஷிஃப்ட் கைமாறும் நேரத்தையும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தரநிலையின் விதி. போன முறை சான்றளிப்பு நிறுவனத்தின் தணிக்கையாளர் வந்தபோது மூன்றாம் ஷிஃப்டுக்குத் தணிக்கைப் பதிவு எங்கே என்று கேட்டு, அது இல்லாமல் ஒரு குறை பதிவாகியிருந்தது. அதனால் இரவு ஷிஃப்டில் சுழலும் ஆட்கள் சிலர் கட்டாயம் வேண்டும். மூன்று, எஃப்.எம்.இ.ஏ. உள்ளிட்ட அடிப்படைக் கருவிகளில் பயிற்சி முடிக்காதவரை இப்போது அனுப்பினால் வீண்.

நல்ல, நேர்மையான காரணங்கள். இதில் ஒன்றுகூட அஞ்சலில் இல்லை.

அஞ்சலை எழுதியவர் பயிற்சிப் பிரிவில் இருக்கும் இளம் அலுவலர். அவருக்குப் பெயர்கள் கிடைத்தன, குறிப்பு கிடைக்கவில்லை. போன ஆண்டு வேறொரு பயிற்சிக்கு அனுப்பிய அஞ்சலை எடுத்தார், பெயர்களை மாற்றினார். அஞ்சல் ஆங்கிலத்தில் இருந்தது. சாரம் இது:

"உள் தணிக்கையாளர் பயிற்சிக்கு வந்த நாமினேஷன்களைத் தேர்வுக் குழு கவனமாகப் பரிசீலித்தது. குறைந்தது 2 ஆண்டு அனுபவம், சிறந்த பணித்திறன், துறைத் தலைவரின் பரிந்துரை ஆகியவற்றின் அடிப்படையில் மிகத் தகுதியான 12 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளனர். தகுதி அளவுகோல்களைப் பூர்த்தி செய்யாதவர்களின் விவரம் காரணத்துடன் இணைப்பில் உள்ளது. தேர்வாகாதவர்கள் மனம் தளர வேண்டாம். அடுத்த முறை நிச்சயம் வாய்ப்பு வழங்கப்படும்."

27 பேருக்கும் ஒரே அஞ்சல், துறைத் தலைவர்களுக்கு நகல். இணைப்பில் ஒரு எக்செல். முதல் தாளில் தேர்வானவர்கள். இரண்டாம் தாளில் மற்ற 15 பேர், ஒவ்வொருவர் பெயருக்கு எதிரே "காரணம்" என்று ஒரு பத்தி.

இப்படி ஒரு அஞ்சல் வந்தால் தேர்வாகாதவர் என்ன செய்வார்? தன் பெயருக்கு நேரே இருப்பதைப் படிப்பார். அடுத்த வேலையாக, தேர்வானவர் ஒருவரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பார். நன்றி, மகிழ்ச்சி, மனம் தளராதே எதையும் படிக்க மாட்டார். இந்த அஞ்சல் அந்த ஒப்பீட்டில் முதல் நிமிடத்திலேயே உடைந்தது. தேர்வான 12 பேரில் உற்பத்தியைச் சேர்ந்த ஒருவர் சேர்ந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. ஷிஃப்டில் சுழல்கிறார், எஃப்.எம்.இ.ஏ. பயிற்சி முடித்திருக்கிறார், அதனால் குழு அவரை எடுத்தது. முழுக்கச் சரி. ஆனால் அஞ்சல் "குறைந்தது 2 ஆண்டு" என்கிறது. படிக்கிறவருக்கு அதில் வேறென்ன தோன்றும்? பையன் யாருக்கு வேண்டியவன் என்ற பேச்சு சனிக்கிழமையே ஆரம்பித்துவிட்டது.

இன்னொரு பக்கம், தரப் பிரிவில் 11 ஆண்டாக இருக்கும் ஒரு மூத்த பொறியாளர். அவர் பெயருக்கு எதிரே "அளவுகோலைப் பூர்த்தி செய்யவில்லை". திங்கட்கிழமை காலை மனிதவளத் தலைவர் அறைக்கு வந்து அவர் கேட்டது: "மேடம், இந்த ஆலையில பாதிப் பேருக்கு எஃப்.எம்.இ.ஏ. சொல்லிக் கொடுத்ததே நான்தான். எந்த அளவுகோல் எனக்கு எட்டலைன்னு மட்டும் சொல்லுங்க." சொல்ல எதுவும் இல்லை. அவர் எல்லா அளவுகோலையும் தாண்டியவர். தரப் பிரிவுக்கான ஆறு இடம் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். அவரை விட்டதற்குக் காரணம் கூட அவர் தரப் பிரிவில் முக்கியமான ஆள் என்பதே. பெரும்பாலான தணிக்கைகள் அவர் வேலையைத்தான் தொடும்.

மிக மோசமானது இரண்டாம் தாளின் நடுவில் இருந்தது. உற்பத்தியில் ஒரு பெண் பொறியாளர். அவர் பெயருக்கு எதிரே: "மார்ச் முதல் நீண்ட விடுப்பு". அவர் கர்ப்பமாக இருப்பதைத் தன் மேலாளரிடம் மட்டும் சொல்லியிருந்தார். வீட்டில்கூட எல்லோருக்கும் சொல்லவில்லை. எக்செலின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியதால் ஞாயிற்றுக்கிழமை உறவினர் ஒருவர் போன் செய்து வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். அஞ்சலைத் திரும்பப் பெற மனிதவளப் பிரிவு முயன்றது. அதற்குள் படம் போன இடத்தை யார் திரும்பப் பெறுவது?

இந்த ஒன்றில் அஞ்சல் மட்டுமல்ல, முடிவே தவறு. பயிற்சி ஜனவரியில், விடுப்பு மார்ச்சில். அவரால் தாராளமாக வர முடியும். விடுப்பில் போனால் அந்த ஆண்டுக்கான குறைந்தபட்சத் தணிக்கை எண்ணிக்கையை எட்ட மாட்டார், தகுதி போய்விடும் என்று குழு நினைத்திருக்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கையை வகுப்பது ஆலையேதான். நீண்ட விடுப்பில் இருந்தவர் திரும்பி வந்து ஒரு தணிக்கையில் உடன் இருந்தால் போதும் என்று ஒரு வரி எழுதிவைத்தால் தீர்ந்தது. தவிர, மகப்பேற்று விடுப்பைக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் பணி நிலையை அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்பது இந்தியாவில் 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. பயிற்சி வாய்ப்பை மறுப்பது அந்த எல்லைக்குள் வருமா என்று வழக்கறிஞர்கள் வாதிடட்டும். அந்த வாதத்துக்கு இடம் கொடுக்கும் வரியைக் கம்பெனியே எழுதி 27 பேருக்கு அனுப்பியிருக்க வேண்டாம்.

சரி, இதை எப்படித் திருத்தினார்கள்? முதல் வேலையாக அந்த 15 பேரையும் குழுவின் உண்மையான குறிப்பை வைத்துக்கொண்டு மறுபடி வகைப்படுத்தினோம். மூன்று குவியலாகப் பிரிந்தார்கள்.

முதல் குவியலில் ஐந்து பேர். இவர்களுக்கு இப்போது தகுதி இல்லை. அடிப்படைக் கருவிப் பயிற்சி பாக்கி. அடுத்ததில் ஆறு பேர். இவர்களுக்குத் தகுதி உண்டு, ஆனால் இந்த முறை அவர்கள் துறையிலிருந்து ஆள் தேவையில்லை, அல்லது போதுமான ஆள் வந்துவிட்டார்கள். நம் 11 ஆண்டு அனுபவஸ்தர் இங்கேதான் இருக்கிறார். கடைசியில் மூன்று பேர். தகுதியும் உண்டு, தேவையும் உண்டு, இடம்தான் தீர்ந்துவிட்டது. விடுப்பு விஷயத்தில் சிக்கிய பெண் எந்தக் குவியலிலும் சேரவில்லை. அவருக்கு விளக்கம் எழுதுவதில் அர்த்தம் இல்லை, முடிவையே மாற்ற வேண்டும் என்று குழுவும் ஒப்புக்கொண்டது.

என்னைக் கேட்டால் முழுச் சிக்கலும் இந்தப் பிரிப்பைச் செய்யாததில் இருந்தது. "தேர்வாகவில்லை" என்ற ஒரே சொல்லின் கீழ் மூன்று வேறு செய்திகள் கிடந்தன. முதலாமவருக்குச் செய்தி "இதைப் படித்துவிட்டு வா". அடுத்தவருக்கு "உன்னிடம் குறை இல்லை, கணக்கு இப்படி". மூன்றாமவருக்கு "வரிசையில் நீ அடுத்து". மூன்றையும் "அளவுகோலைப் பூர்த்தி செய்யவில்லை" என்று எழுதினால் ஐந்து பேருக்கு உண்மை, ஒன்பது பேருக்குப் பொய். அந்த ஒன்பது பேர்தான் கோபப்பட்டார்கள். ஐந்து பேரில் நான்கு பேர் கடைசிவரை வாயே திறக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்தாமவர் கதை வேறு, வருகிறேன்.

புதன்கிழமை போன பொது அஞ்சலில் தேர்வானவர்களின் பெயர் மட்டும் இருந்தது. தேர்வாகாதவர் பெயரோ எண்ணிக்கையோ இல்லை. அளவுகோல் பகுதி இப்படி அமைந்தது:

"இந்தப் பயிற்சிக்கு 12 இடங்கள். முதலில், எஃப்.எம்.இ.ஏ., கண்ட்ரோல் பிளான் பயிற்சி முடித்தவர்களைப் பார்த்தோம். பணி ஆண்டு கணக்கில் எடுக்கப்படவில்லை. வெள்ளிக்கிழமை அஞ்சலில் 2 ஆண்டு என்று குறிப்பிட்டது பிழை. அடுத்து, எந்தத் துறையும் தன் வேலையைத் தானே தணிக்கை செய்ய நேராமல் இருக்க, தரப் பிரிவுக்கு ஆறு இடம் என வரம்பு வைத்தோம். மூன்றாம் ஷிஃப்டில் தணிக்கை செய்ய ஆட்கள் குறைவு என்பதால், சுழற்சி ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை தந்தோம். தகுதி பெற்ற எல்லோரையும் எடுக்க இடம் போதவில்லை. பெயர் இல்லாதவர்களுக்குத் தனித்தனியே எழுதுகிறோம்."

"மிகத் தகுதியான" போய்விட்டது. அந்த ஒரு அடைமொழி இருந்தால், இல்லாதவர்கள் எல்லாம் தகுதி குறைந்தவர்கள் என்று தானாகவே ஆகிவிடும். "சிறந்த பணித்திறன்" போய்விட்டது, ஏனென்றால் குழு யாருடைய மதிப்பீட்டு மதிப்பெண்ணையும் பார்க்கவே இல்லை. துறைத் தலைவர் பரிந்துரையும் போய்விட்டது. 27 பேருமே பரிந்துரைக்கப்பட்டவர்கள்தான். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது அளவுகோல் ஆகாது. நான் பார்த்த தேர்வு அஞ்சல்களில் பாதியில் இந்தப் பரிந்துரை வரி இருக்கிறது, எதையும் வடிகட்டாமல்.

தனி அஞ்சல்கள் பொது அஞ்சலுக்கு முன்னால், அன்று காலையே போயின. அதற்கும் முன்னால் அந்தந்த மேலாளர் நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். இரவு ஷிஃப்டில் இருந்த ஒருவருக்காக மட்டும் பொது அஞ்சலை மதியம் வரை நிறுத்தி வைத்தார்கள். தூங்கி எழுந்து வாட்ஸ்அப்பில் தெரிந்துகொள்ளக் கூடாது என்று.

அந்த மூத்த பொறியாளருக்குப் போனது: "தணிக்கையாளராக இருக்க உங்களுக்கு முழுத் தகுதி உண்டு என்பதில் குழுவுக்குச் சந்தேகம் இல்லை. தரப் பிரிவுக்கு வைத்த ஆறு இடங்களில், அளவுத்திருத்தமும் வாடிக்கையாளர் புகாரும் நேரடியாகப் பார்க்காதவர்களை எடுத்தோம். நீங்கள் இரண்டையும் பார்க்கிறீர்கள். உங்கள் பொறுப்பு இப்படியே இருக்கும் வரை அடுத்த முறையும் இதே நிலை வரலாம்." கடைசி வரியை எழுதலாமா என்று நீண்ட விவாதம் நடந்தது. எழுதத்தான் வேண்டும் என்று நான் நின்றேன். "அடுத்த முறை நிச்சயம்" என்று போன ஆண்டும் ஒரு அஞ்சல் அவருக்குப் போயிருக்கிறது.

இடம் கிடைக்காத மூவருக்குக் காத்திருப்பு வரிசை எண்ணோடு எழுதினார்கள். யாராவது விலகினால் எந்தத் தேதிக்குள் அழைப்பு வரும் என்பதும் அதில் இருந்தது. தகுதி பாக்கி உள்ளவர்களுக்கு எந்தப் பயிற்சி பாக்கி, அது எப்போது நடக்கிறது என்று இரண்டே வரி. கூடவே, "இந்த விவரத்தில் பிழை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவியுங்கள்."

அந்தக் கடைசி வரிதான் ஐந்தாமவரை வெளியே கொண்டுவந்தது. டூல் ரூமில் ஒரு டிப்ளமா படித்த டெக்னீஷியன். முதல் அஞ்சலில் "அளவுகோலைப் பூர்த்தி செய்யவில்லை" என்று பார்த்துவிட்டு, நமக்கு எங்கே கிடைக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டார். இரண்டாவது அஞ்சலில் "எஃப்.எம்.இ.ஏ. பயிற்சி பாக்கி" என்று குறிப்பாக இருந்ததும் நேரே வந்தார். "சார், அந்த ட்ரெயினிங்ல நான் இருந்தேனே, கையெழுத்துக்கூடப் போட்டேன்." வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் கையெழுத்து இருக்கிறது. யாருக்கு எந்தத் திறன் இருக்கிறது என்று காட்டும் ஸ்கில் மேட்ரிக்ஸில் ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள். அன்று பயிற்சியில் இருந்த டூல் ரூம் ஆட்கள் யாருக்குமே ஏற்றவில்லை.

காரணத்தைப் பொதுவாக எழுதினால் யாராலும் மறுக்க முடியாது, அதனால் அது பாதுகாப்பானது என்று மனிதவளத்தில் பலர் நினைக்கிறார்கள். மறுக்க முடியாத காரணத்தைத் திருத்தவும் முடியாது என்பதை இந்த டெக்னீஷியன் விஷயத்தில் கண்ணெதிரே பார்த்தேன். அவர் பெயர் காத்திருப்பு வரிசையில் முதலாவதாகப் போனது. பராமரிப்பிலிருந்து தேர்வானவருக்குப் பொங்கல் விடுமுறையை ஒட்டிய இயந்திரப் பராமரிப்பு வேலை வந்து விழுந்ததால், அவர் இடம் இவருக்குக் கிடைத்தது. விடுப்பு விஷயத்தில் பாதிக்கப்பட்ட பொறியாளரிடம் மனிதவளத் தலைவர் நேரில் மன்னிப்புக் கேட்டு, ஜனவரியா, திரும்பி வந்த பிறகா, எது வசதி என்று கேட்டார். ஜனவரி என்றார் அவர். ஏற்கெனவே அறிவித்த யாரையும் நீக்க முடியாது என்பதால் பயிற்சி நிறுவனத்துக்குப் பணம் கட்டி 13ஆவது இடம் வாங்கினார்கள்.

புதிய அஞ்சல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. அந்தப் பெண்ணின் செய்தி வெளியே போனது போனதுதான். மூத்த பொறியாளர் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் தன் பொறுப்பை மாற்றித் தரச் சொல்லி ஒரு கடிதமும் கொடுத்துவிட்டார், அது இன்னும் மேசையில் இருக்கிறது. எம்.ஆருக்கு இதில் வருத்தம். அந்த வரியை எழுதாமல் இருந்திருந்தால் கடிதம் வந்திருக்காது என்கிறார். வந்திருக்காதுதான், அதற்குப் பதில் ராஜினாமா வந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொரு விஷயம் அஞ்சலுக்கு வெளியே நிற்கிறது. தேர்வாகாத 15 பேருக்காவது காரணம் கிடைத்தது. விருப்பம் தெரிவித்தும் துறைத் தலைவர் நாமினேட்டே செய்யாதவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது, அவர்களுக்கு எந்த அஞ்சலும் போகவில்லை. டெஸ்பாட்ச் பிரிவிலிருந்து ஒரு நாமினேஷன்கூட வரவில்லை என்பதைக் குழு கவனித்ததே நான் கேட்ட பிறகுதான். அடுத்த சுற்றுக்கான நாமினேஷன் படிவத்தில் "விருப்பம் தெரிவித்தவர்கள், நாமினேட் செய்யாததற்குக் காரணம்" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். இதுவரை வந்த படிவங்களில் இரண்டு துறைத் தலைவர்கள் அதை நிரப்பியிருக்கிறார்கள். மற்றவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.